குறிப்புத் தந்து அளக்கும் பரீட்சை

பிழைப்பை முன்னிட்டு வேற்று மாநிலத்தில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை ஒன்று புதிய பள்ளியில் முதல் பரீட்சை எழுதுகிறது. வினாக்கள் அதற்குப் பழகாத மொழியில் இருக்கின்றன. இருபதுக்கு நான்கு மதிப்பெண் கிடைக்கிறது. ‘மந்தம்’ என்ற சொல் ஏட்டில் ஏறிவிடுகிறது. அந்த நான்கு, பிள்ளை இன்று தனியே செய்ததைக் காட்டுகிறது. நாளை அது எவ்வளவு கற்கும் என்பதைக் காட்டுகிறதா? இவ்வினாவுக்கு விடை தேடிப் பிறந்ததே இயங்குநிலை மதிப்பீடு. இன்று அதனைக் குறித்துச் சிறிது ஆராய்வோம்.

1934-ல் மறைந்த சோவியத் நாட்டு உளநூல் அறிஞர் லெவ் வைகாட்ஸ்கி ஓர் உதாரணம் காட்டினார். இரண்டு பிள்ளைகள் தனியே எழுதும் பரீட்சையில் எட்டு வயதுத் தரத்தில் நிற்கின்றனர். சிறிது வழிகாட்டியதும் ஒருவன் பன்னிரண்டு வயதினருக்குரிய கணக்குகளைச் செய்கிறான். மற்றவனோ ஒன்பது வயதுத் தரத்தோடு நின்றுவிடுகிறான். இருவரும் ஒரே நிலையினர் என்று நாம் எப்படிக் கூற இயலும்? தனியே செய்வதற்கும் துணையோடு செய்வதற்கும் இடையேயுள்ள தூரத்தை அவர் அண்மை வளர்ச்சி மண்டலம் என்றார். அந்தத் தூரத்தை அளப்பதே இம்முறையின் நோக்கம்.

அதை அளக்கும் வழிகளுள் ஒன்று, 1980-களில் அமெரிக்காவில் ஆன் பிரவுன், ஜோசப் காம்ப்பியோனி ஆகியோர் கையாண்ட படிப்படியான குறிப்பு முறையாகும். ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம்: 3, 4, 8, 9, 18, 19. அடுத்து வருவது என்ன? பிள்ளை முதலில் தனியே முயல வேண்டும். இயலாவிட்டால் ஆசிரியர் முன்பே எழுதிவைத்த குறிப்புகளை ஒவ்வொன்றாகத் தருவார். முதற் குறிப்பு: “எண்கள் ஒரே அளவாகவா கூடுகின்றன?” இரண்டாவது: “இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்.” மூன்றாவது: “மூன்று எப்படி நான்காயிற்று? நான்கு எப்படி எட்டாயிற்று?” நான்காவதில், ஒன்றைக் கூட்டி அடுத்து இரண்டால் பெருக்கும் முறையை அவரே செய்து காட்டுவார். விடை 38. இங்கே மதிப்பெண் என்பது, பிள்ளைக்கு எத்தனை குறிப்புகள் தேவைப்பட்டன என்னும் எண்ணிக்கையே.

கமலா, சேகர் என்ற இருவரும் தனியே தவறினர் என வைத்துக்கொள்வோம். கமலாவுக்கு ஒரு குறிப்புப் போதுமானதாயிற்று. சேகருக்கு நான்கும் வேண்டியிருந்தன. அடுத்து அதே இனத்துக் கணக்கு: 5, 6, 12, 13, 26, 27. இருவருமே குறிப்பின்றி 54 என்கின்றனர். இத்துடன் நிறுத்தினால் நாம் ஏமாந்துபோவோம். மூன்றாவதாகச் சற்று மாறிய கணக்கைத் தர வேண்டும்: 20, 10, 12, 6, 8, 4. இங்கே பாதியாக்குதலும் இரண்டைக் கூட்டுதலும் மாறிமாறி வருகின்றன, விடை 6. கமலா ஒரு குறிப்பில் இதைக் கண்டுகொள்கிறாள். சேகருக்கு மறுபடியும் நான்கு குறிப்புகள் தேவைப்படுகின்றன. அவன் முன்னைய விதியை மனனம் செய்தானேயன்றி, விதியைத் தேடும் வழியைக் கற்கவில்லை என்பது இப்போது விளங்குகிறது. அவனுக்குப் பலவகைக் கணக்குகளில் அத்தேடலைப் பழக்க வேண்டும். ‘பூஜ்யம்’ என்ற பழைய மதிப்பெண் இதை ஆசிரியருக்குச் சொல்லியிராது.

இம்முறையிலும் பிழைகள் நேர்வதுண்டு. ஆசிரியர் இரக்கப்பட்டு, எழுதிவைத்த குறிப்பை மீறி விடையைக் கோடிகாட்டினால், எண்ணிக்கை பொருளற்றதாகிவிடும். முன்னும் பின்னும் பரீட்சை வைத்து முன்னேற்றத்தை மட்டும் கழித்துப் பார்ப்பதும் ஆபத்தே. முதலிலேயே 18 பெற்றவன் இருபதுக்குள் இரண்டுக்குமேல் உயர இடமில்லை. நான்கு பெற்றவனோ இரண்டாம் முறை எழுதும் பழக்கத்தாலேயே சற்று உயரக்கூடும். மேலும், ஒரு வேளையில் ஒரு பிள்ளையையே இவ்வாறு அளக்க முடியும். நாற்பது பேர் அமர்ந்த வகுப்புக்கு இது எளிதன்று.

மொழியும் இங்கே முக்கியமானது. மொராக்கோ முதலிய நாடுகளிலிருந்து இஸ்ரேலுக்குக் குடியேறிய பிள்ளைகள் பலர் வழக்கமான அறிவுச் சோதனைகளில் தாழ்ந்த மதிப்பெண் பெற்றபோது, 1950-களில் ரூவென் ஃபாயர்ஸ்டைன் என்ற அறிஞர் அம்முடிவை ஏற்காது, கற்பித்துக்கொண்டே சோதிக்கும் முறையை உருவாக்கத் தொடங்கினார். ஆயினும் குறிப்பே பிள்ளைக்கு விளங்காத மொழியில் இருந்தால், நாம் அளப்பது மொழியையேயன்றிக் கற்கும் திறனையன்று. ஆகவே, பிள்ளை மந்தமென்று பள்ளி கூறும்போது பெற்றோர் இரண்டு வினாக்கள் கேட்கலாம்: எந்த மொழியில் சோதித்தீர்கள்? எந்தக் குறிப்பு வரையில் உதவிப் பார்த்தீர்கள்?