உங்களுக்குத் தெரியுமா? ஸ்பேசரில் ஒரு தடவைக்கு ஒரு பஃப்தான்!

மூன்று வயதுக் குழந்தைக்கு வீசிங் வரும்போது சால்பியூட்டமால் இன்ஹேலரில் இரண்டு பஃப் கொடுக்கும்படி டாக்டர் எழுதியிருந்தால், இரண்டையும் சேர்த்து ஸ்பேசருக்குள் அடிக்கக் கூடாது. மருந்துத் துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்; நுரையீரலுக்குப் போவது குறைந்துவிடும்.

இன்ஹேலரை நன்றாகக் குலுக்குங்கள். மாஸ்க் மூக்கையும் வாயையும் இடைவெளி இல்லாமல் மூடட்டும். ஒரு பஃப் அடித்து, குழந்தை ஐந்தாறு முறை இயல்பாக மூச்சுவிடும்வரை பிடித்திருங்கள். வால்வு அசைவதை எண்ணலாம். பிறகு மறுபடி குலுக்கி, அடுத்த பஃப். அழுதுகொண்டே இழுத்தால் மருந்து சரியாக உள்ளே போகாது. மடியில் உட்காரவைத்துச் சமாதானப்படுத்திக் கொடுங்கள்.

ஸ்பேசரைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் உண்டாகி மருந்தை இழுத்துக்கொள்ளும்.

இளைப்பு அடங்காவிட்டால் 20 நிமிட இடைவெளியில் இன்னும் இரண்டு முறை இதேபோல் இரண்டிரண்டு பஃப் கொடுக்கலாம் என்பது பொதுவான வழிகாட்டல். இரண்டு மணி நேரத்துக்குள் ஆறு பஃப்புக்கு மேல் தேவைப்பட்டால் டாக்டரிடம் போய்விடுங்கள். விலா எலும்புக்கு இடையே சதை உள்ளிழுத்தாலோ, பேச முடியாவிட்டாலோ, உதடு நீலமானாலோ காத்திருக்கவே வேண்டாம். மருந்தைக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.