ஆக்கிரமித்தவர் அறுத்த நெல்லுக்குக் கணக்கு

உரிமை இல்லாதவர் ஒரு சொத்தைக் கையில் வைத்திருந்த காலத்துக்கு, அதிலிருந்து கிடைத்த வருமானத்தை உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டும் என்பது இந்தியாவின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஏற்கும் கோரிக்கை. இதை இடைக்கால வருவாய் என்பார்கள். 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(12)-ஆவது பிரிவு இதற்கு விளக்கம் தருகிறது. சட்டவிரோதமாக அனுபவித்தவர் உண்மையில் பெற்ற வருமானம், அல்லது சாதாரண அக்கறையோடு நடந்திருந்தால் பெற்றிருக்கக்கூடிய வருமானம், அதன் மேல் வட்டி. இவையே இடைக்கால வருவாய்.

ஆகவே உரிமையாளர் எவ்வளவு இழந்தார் என்பது இங்கே அளவுகோல் அல்ல. அனுபவித்தவர் கையில் என்ன வந்தது, என்ன வந்திருக்க முடியும் என்பதே கேள்வி. நிலத்தைத் தரிசாகப் போட்டிருந்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லி அவர் தப்ப முடியாது. பக்கத்து வயல்களில் பயிர் விளைந்திருந்தால் அதுவே அவருக்கு எதிரான சாட்சி. அதே சமயம், அவர் தன் செலவில் செய்த மேம்பாட்டால் கூடுதலாகக் கிடைத்த வருமானத்தைச் சட்டம் கணக்கிலிருந்து விலக்குகிறது.

ஒரு கற்பனை வழக்கில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். ஆற்றுப் பாசனத்தில் ஒருபோகச் சம்பா விளையும் ஓர் ஏக்கர் நஞ்சை. 2012-இல் ஒருவர் அதை ஆக்கிரமித்துக்கொள்கிறார். உரிமையாளர் 2018 ஜூனில் வழக்குப் போடுகிறார். 2023 மார்ச்சில் அவருக்குச் சாதகமாக டிகிரி ஆகிறது. 2024 ஆகஸ்டில் அமீனா மூலம் நிலம் கைக்கு வருகிறது.

முதல் அடி காலவரையறையில் விழுகிறது. தவறாகப் பெறப்பட்ட வருமானத்தைக் கேட்க, அது பெறப்பட்ட நாளிலிருந்து 3 ஆண்டுகளே அவகாசம். அறுவடை ஜனவரியில் என்றால், வழக்குக்கு முந்தைய காலத்தில் 2016, 2017, 2018 ஆகிய மூன்று அறுவடைகளை மட்டுமே கேட்க முடியும். அதற்கு முன் அறுத்தவை போனவைதாம். உறவுக்காரர்தானே, பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்த குடும்பங்களுக்கு இந்த விதி கடுமையானது. காத்திருந்த ஒவ்வோர் ஆண்டும் ஓர் ஆண்டு விளைச்சலைத் தின்றுவிடுகிறது.

அடுத்தது தொகை. ஏக்கரில் ஆண்டுக்கு 40,000 ரூபாய்க்கு நெல் விற்று, உழவு, நடவு, உரம், அறுப்பு எல்லாம் சேர்ந்து 25,000 ரூபாய் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், நிகர வருமானம் 15,000 ரூபாய். ஆக்கிரமித்தவர் ஆழ்துளைக் கிணறு போட்டு இரண்டாம் போகமும் எடுத்திருந்தால், அந்தக் கிணற்றால் வந்த போகம் இதில் சேராது. வழக்குக்கு முந்தைய 3 அறுவடைக்கு 45,000 ரூபாய். வழக்குக்குப் பின், 2019 முதல் 2024 வரை, 6 அறுவடைக்கு 90,000 ரூபாய். ஆக 1,35,000 ரூபாயும், நீதிமன்றம் நிர்ணயிக்கும் வட்டியும்.

இந்த எண்களை நிரூபிக்கும் பொறுப்பு உரிமையாளருடையது. எந்த ஆண்டில் என்ன பயிர் நின்றது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் காட்டும். நெல்லின் விலைக்கு அரசின் கொள்முதல் விலை உண்டு. பக்கத்து நிலத்தின் குத்தகைச் சீட்டு கிடைத்தால் வழக்கு இன்னும் உறுதியாகும். வாய்மொழியாக மட்டும் ‘ஏக்கருக்கு ஐம்பது மூட்டை’ என்று சொல்பவருக்கு நீதிமன்றம் குறைத்துத்தான் கொடுக்கும்.

வழக்குக்கு முந்தைய தொகையைப் பிராதிலேயே கேட்டு, அதற்கு நீதிமன்றக் கட்டணமும் கட்ட வேண்டும். வழக்குக்குப் பிந்தைய தொகை வேறு வழியில் போகிறது. அது எவ்வளவு என்று வழக்குப் போடும் நாளில் யாருக்கும் தெரியாது. அதனால் கட்டளை 20, விதி 12-இன்படி நீதிமன்றம் நிலத்தை ஒப்படைக்கச் சொல்லிவிட்டு, வருவாய் பற்றித் தனி விசாரணைக்கு உத்தரவிடலாம். இந்தப் பிந்தைய வருவாயைப் பிராதில் தனியாகக் கேட்காவிட்டாலும் நீதிமன்றம் வழங்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் கோபாலகிருஷ்ண பிள்ளை வழக்கில் கூறியிருக்கிறது. விசாரணை முடிந்தபின் இறுதி டிகிரி வரும். பணத்தை அதைக் கொண்டுதான் வசூலிக்க முடியும்.

நடைமுறையில் பலர் சறுக்குவது இங்கேதான். நிலம் கைக்கு வந்த நிம்மதியில் விசாரணை மனுவையே போடாமல் விட்டுவிடுகிறார்கள். டிகிரியில் இடைக்கால வருவாய் பற்றிய உத்தரவு இருக்கிறதா என்று நகல் வாங்கிய அன்றே படித்துப் பார்ப்பதும் இல்லை. உத்தரவு இல்லையென்றால் நிறைவேற்று மனுவில் ஒரு ரூபாய்கூடக் கேட்க முடியாது.

பிந்தைய வருவாய்க்கும் எல்லை உண்டு. நிலம் ஒப்படைக்கப்படும் நாள், ஆக்கிரமித்தவர் நீதிமன்றம் வழியாக அறிவிப்புக் கொடுத்து விட்டுவிடும் நாள், டிகிரியிலிருந்து 3 ஆண்டு முடியும் நாள், இவற்றில் எது முந்தியதோ அதுவரைதான். மேலே சொன்ன உரிமையாளர் நிறைவேற்று மனுவை ஆறப்போட்டு, 2028-இல் நிலத்தை மீட்டிருந்தால், 2026 மார்ச்சோடு கணக்கு நின்றிருக்கும். 2027, 2028 ஆண்டுகளின் அறுவடைக்கு அவர் இன்னொரு வழக்குத்தான் போட வேண்டும்.