மீட்டர் கோலின் நுனி வேகம்

துணிக்கடைகளில் துணி அளக்க ஒரு மீட்டர் நீளத்தில் இரும்புக் கோல் ஒன்று வைத்திருப்பார்கள். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே தடிமன், ஒரே உலோகம். அப்படி ஒரு கோலின் ஒரு முனையில் துளை போட்டு, சுவரில் அடித்த ஆணியில் தாராளமாக ஆடும்படி மாட்டிக்கொள்ளுங்கள். மறு முனையைப் பிடித்து, கோல் தரைக்கு இணையாகப் படுக்கும்வரை தூக்குங்கள். தள்ளவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். விரலை மட்டும் எடுத்துவிடுங்கள். கோல் கால்வட்டம் சுழன்று இறங்கி, நேர் கீழாகத் தொங்கும் நிலையைக் கடந்து போகும். அந்தக் கணத்தில் அது என்ன வேகத்தில் சுழல்கிறது?

பதினோராம் வகுப்பு இயற்பியலில் ஆண்டுதோறும் வருகிற கணக்குதான் இது. விடை ஒரே வரி. ஆனால் அந்த வரிக்குள் கோலின் ஒவ்வொரு துண்டும் மற்றத் துண்டுகளோடு நடத்துகிற கொடுக்கல் வாங்கல் ஒளிந்திருக்கிறது. விடையை மனப்பாடம் செய்தவர்களும் பெரும்பாலும் அதைப் பார்க்காமலே கடந்துபோய்விடுகிறார்கள்.

விசையை வைத்து இதைக் கணக்கிடப் புகுந்தால் முதலிலேயே ஒரு தொல்லை. கோல் படுத்திருக்கும்போது அதன் எடை முழு வலுவோடு அதைத் திருப்புகிறது. இறங்க இறங்க அந்தத் திருப்புவிசை குறைந்துகொண்டே வந்து, நேர் கீழே வரும்போது இல்லாமலே போகிறது. தொடக்கத்தில் இருந்த முடுக்கமே கடைசிவரை இருந்தது என்று வைத்துக் கணக்கிட்டால் விடை மிகையாகிவிடும். ஆற்றல் வழிக்கு இந்தத் தொல்லை இல்லை. நடுவில் என்ன நடந்தது என்று அது கேட்பதில்லை. புறப்பட்ட உயரமும் வந்து சேர்ந்த உயரமும் அதற்குப் போதும். ஆணி கோலைத் தாங்குகிறது என்றாலும், அது தாங்கும் இடம் நகர்வதே இல்லை. அதனால் ஆணி ஆற்றலைக் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை.

கோலின் நிறை 300 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதன் நிறை மையம் சரியாக நடுவில், ஆணியிலிருந்து 50 சென்டிமீட்டரில் இருக்கிறது. கோல் நேர் கீழே வரும்போது அந்த மையம் அரை மீட்டர் இறங்கியிருக்கும். இழந்த நிலை ஆற்றல் 0.3 × 9.8 × 0.5, அதாவது 1.47 ஜூல். இவ்வளவும் இயக்க ஆற்றலாக மாறியிருக்க வேண்டும்.

தவறு நடப்பது இதற்கு அடுத்த படியில்தான். உயரத்துக்கு நிறை மையத்தைப் பார்த்தோமே, வேகத்துக்கும் அதையே பார்த்தால் என்ன என்று கை தானாகப் போகும். முழு நிறையும் நடுப்புள்ளியில் இருப்பதாக எண்ணி ½mv² என்று எழுதினால், நடுப்புள்ளியின் வேகம் நொடிக்கு 3.13 மீட்டர் என்று வரும். நுனி இரண்டு மடங்கு தொலைவில் இருப்பதால் அதன் வேகம் 6.26 மீட்டர். பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் கோல் உண்மையிலேயே அந்த வேகத்தில் சுழன்றால் அதன் துண்டுகள் எல்லாவற்றின் இயக்க ஆற்றலும் சேர்ந்து 1.96 ஜூல் ஆகிவிடும். விழுந்ததில் கிடைத்ததோ 1.47. மீதி அரை ஜூல் எங்கிருந்து வந்தது? நடுப்புள்ளி நகர்வதோடு, கோல் தன் நடுப்புள்ளியைச் சுற்றித் திரும்பவும் செய்கிறது. படுத்திருந்தது நிமிர்ந்து நிற்கிறது அல்லவா? அந்தத் திரும்பலுக்கும் ஆற்றல் வேண்டும். மொத்தத்தில் சரியாகக் கால் பங்கு அதற்குப் போகிறது. அந்தக் கால் பங்கைத்தான் இந்த வழி மறந்துவிட்டது.

சரியான வழியை முதலில் தெளிவாகக் கண்டவர் டச்சு நாட்டு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ். ஊசல் கடிகாரத்தை உருவாக்கியவர். ஒரு நூலில் கட்டிய குண்டுக்கும், கனமான தண்டு ஊசலுக்கும் ஆட்டத்தில் உள்ள உறவு என்ன என்ற கேள்வியை பிரான்ஸின் மெர்சென் அவர் முன் வைத்தபோது ஹைகன்ஸ் பதின்வயதைத் தாண்டவில்லை. முழு விடையை 1673இல் பாரிஸில் வெளியான தம் ஊசல் கடிகார நூலில் தந்தார். ஆற்றல் என்ற சொல் இன்றைய பொருளில் அப்போது வழக்கிலேயே இல்லை. அவர் கைக்கொண்டது ஒரே ஒரு நம்பிக்கை: பொருள்கள் தம் எடையால் மட்டும் இயங்கும்போது, அவற்றின் பொது நிறை மையம் புறப்பட்ட உயரத்துக்கு மேல் ஏற முடியாது.

இதை நம் கோலுக்குப் பொருத்திப் பார்ப்போம். கோல் நேர் கீழே வரும் அந்தக் கணத்தில் அது சிறு சிறு துண்டுகளாகப் பிரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டும் தன் வேகத்தை அப்படியே மேல்நோக்கித் திருப்பிக்கொண்டு, எறிந்த பந்துபோலத் தனித்தனியே ஏறட்டும். அவை தத்தம் உச்சியைத் தொடும்போது, அந்த உயரங்களின் சராசரி ஏற்றம் அரை மீட்டராக இருந்தாக வேண்டும். கூடினால் ஒன்றுமில்லாததிலிருந்து உயரம் பிறந்துவிடும். குறைந்தால் உயரம் காணாமல் போய்விடும்.

மேல்நோக்கி எறிந்த பொருள் ஏறும் உயரம் அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கோலில் ஒரு துண்டின் வேகம் ஆணியிலிருந்து அதன் தொலைவைப் பொறுத்தது. ஆகவே நடுத்துண்டு, நுனி ஏறும் உயரத்தில் பாதி ஏறாது. கால் பங்குதான் ஏறும். கோலைப் பத்துச் சம துண்டுகளாக்கினால் அவற்றின் நடுப்புள்ளிகள் 5, 15, 25 என்று தொடங்கி 95 சென்டிமீட்டர் வரை இருக்கும். இவற்றை மீட்டராக்கி வர்க்கமெடுத்துக் கூட்டிப் பத்தால் வகுத்தால் 0.3325 வருகிறது. துண்டுகளை இன்னும் பொடியாக்கினால் சரியாக மூன்றில் ஒன்று. பாடப்புத்தகத்தில் தண்டின் நிலைமத் திருப்புத்திறன் mL²/3 என்று வருகிறதே, அந்த மூன்று இதுதான்.

இனி விடை தானே வந்துவிடும். துண்டுகளின் சராசரி ஏற்றம், நுனியின் ஏற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு. சராசரி அரை மீட்டர் என்றால் நுனி ஏறுவது ஒன்றரை மீட்டர். ஒன்றரை மீட்டர் ஏறுவதற்கு நொடிக்கு 5.42 மீட்டர் வேகம் வேண்டும். நீளம் ஒரு மீட்டர் என்பதால் கோணத் திசைவேகமும் நொடிக்கு 5.42 ரேடியன். பொதுவாக எழுதினால்:

ω² = 3g/L

நிறை எங்கேயும் இல்லை. இரும்பானாலும் மூங்கிலானாலும், கோல் சீரானதாக இருந்தால் இதே வேகம்தான்.

எனக்கு இந்தக் கணக்கிலேயே மிகவும் பிடித்த இடம், அந்த ஒன்றரை மீட்டர். நுனித் துண்டு இறங்கியது ஒரே ஒரு மீட்டர். அதன் கையில் இருப்பதோ ஒன்றரை மீட்டர் ஏறுவதற்கான வேகம். ஒரு கல்லை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் 4.43 மீட்டர் வேகத்தில்தான் வந்து சேரும். நுனி அதைவிட வேகமாகப் போகிறது என்றால், வேறு யாரோ தங்கள் பங்கைக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவை ஆணிப் பக்கத்துத் துண்டுகள். நடுத்துண்டு 50 சென்டிமீட்டர் இறங்கியது; ஆனால் அதன் வேகம் 37.5 சென்டிமீட்டர் ஏறுவதற்குத்தான் காணும். ஆணியை ஒட்டிய துண்டுகள் தாம் பெற்றதில் பெரும்பகுதியைக் கோலின் விறைப்பு வழியாக வெளிப்பக்கம் அனுப்பிவிடுகின்றன. கொடுப்பவையும் பெறுபவையும் பிரிகிற எல்லை, ஆணியிலிருந்து நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கில் இருக்கிறது. நம் கோலில் அது 66.7 சென்டிமீட்டர். அங்குள்ள துண்டு மட்டும், தான் விழுந்ததற்கு உரிய வேகத்தோடு, கூடாமல் குறையாமல் போகிறது. கோல் முழுவதும் ஆடும் ஆட்டமும், அந்த நீளமுள்ள நூலில் கட்டிய சிறு குண்டின் ஆட்டமும் ஒன்றே. மெர்சென் கேட்ட கேள்விக்கு விடையும் இந்தப் புள்ளிதான்.

இந்த எல்லையைக் கண்ணாலேயே பார்க்கலாம். தட்டையான மர அளவுகோலைப் படுக்கையாகப் பிடித்து, அதன் மேல் வரிசையாக நாணயங்களை வைத்து, சட்டென்று விடுங்கள். ஆணிப் பக்கத்து நாணயங்கள் கோலோடு ஒட்டியே இறங்கத் தொடங்கும். மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டியவை காற்றில் பின்தங்கும். அவற்றின் காலடியிலிருந்து கோல் நழுவிப் போயிருக்கும். விட்ட கணத்தில் நுனியின் முடுக்கம் g-யைப்போல ஒன்றரை மடங்கு. நாணயத்துக்கோ g மட்டும்தான்.

வேகத்தை அளக்க ஒரு கைப்பேசி போதும். நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்ட வசதி இன்று பல கைப்பேசிகளில் இருக்கிறது. கோலுக்குப் பின்னால் சுவரில் சென்டிமீட்டர் கோடு போட்ட தாளை ஒட்டி, கைப்பேசியை நேர் எதிரே அசையாமல் வையுங்கள். கோல் நேர் கீழே இருக்கும் படத்தைக் கண்டுபிடித்து, அதற்கு ஐந்து படம் முன்னும் ஐந்து படம் பின்னும் நுனி எங்கே இருக்கிறது என்று குறியுங்கள். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 22.5 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். நாம் முதலில் பார்த்த தவறான வழி உண்மையாக இருந்தால் 26 சென்டிமீட்டர் வரும். சாதாரண அளவுகோலாலேயே பிரித்தறியக்கூடிய வித்தியாசம்.

உங்களுக்கு 22.5 கிடைக்காமல் 21.6 கிடைத்தால் சூத்திரத்தைச் சந்தேகிக்க வேண்டாம். கோல் மறுபக்கம் எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். இழப்பே இல்லை என்றால் அது மறுபடி படுக்கை நிலைவரை ஏற வேண்டும். நேர் கீழ் நிலையிலிருந்து 90 பாகைக்குப் பதில் 80 பாகையிலேயே நின்று திரும்பினால், முழு வீச்சில் சுமார் 17 சதவீத ஆற்றல் துளையின் உராய்விலும் காற்றிலும் போய்விட்டது. கீழே வரும்போது அதில் பாதி போயிருக்கும் என்று கொண்டால் வேகம் நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல் குறையும்; அந்த 21.6 அதிலிருந்து வருவதுதான். துளை முனையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளிப் போயிருந்தால் கவலை இல்லை, வேகம் அரை சதவீதம்தான் மாறும். ஆனால் ஆணி ஆடக்கூடாது. கோல் நேர் கீழே பாயும்போது ஆணியின் மேல் விழும் சுமை கோலின் எடையைப்போல இரண்டரை மடங்கு. ஆணி அசைந்தால் அந்த அசைவிலேயே ஆற்றல் கசியும்.

ஆற்றல் வழியால் சொல்ல முடியாத ஒன்றும் உண்டு: நேரம். எவ்வளவு வேகத்தில் வந்தது என்று அது சொல்லும். எப்போது வந்தது என்று சொல்லாது. அதற்குக் கோலின் பாதையைச் சிறு சிறு கோணங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் கடக்க ஆகும் நேரத்தைக் கூட்ட வேண்டும். கூட்டினால் 0.48 நொடி வருகிறது. கோலை விடும் அதே கணத்தில் நுனிக்கு அருகிலிருந்து ஒரு கல்லையும் விட்டுப் பாருங்கள். ஒரு மீட்டரைக் கடக்க அதற்கு 0.45 நொடி போதும். புறப்படும்போது கல்லை முந்தி இறங்கியது நுனி. முடிவிலும் கல்லைவிட வேகம் அதிகம். ஆனால் அது வந்த பாதை கால்வட்டம், ஒன்றரை மீட்டருக்கும் மேல் நீளம். அதனால் நுனி நேர் கீழ் நிலையைத் தொடும்போது கல் அந்த மட்டத்தைத் தாண்டிப் போயிருக்கும்.