போன் ‘தொலைந்ததா’, ‘திருடு போனதா’? போலீஸ் புகாரில் அந்த ஒரு சொல் ஏன் முக்கியம்

திங்கள் காலை. நாகர்கோவிலில் இருந்து வந்து தம்பானூரில் இறங்குகிறீர்கள். அங்கிருந்து கூட்ட நெரிசலான பஸ்ஸில் நின்றபடியே கழக்கூட்டம். டெக்னோபார்க் வாசலில் ஐ.டி. கார்டை எடுக்கப் பையைத் திருப்பினால், பக்கவாட்டு ஜிப் திறந்து கிடக்கிறது. போன் இல்லை. அதோடு வைத்திருந்த பைக் ஆர்.சி.யும் இல்லை.

“போலீஸ்ல சொல்லி என்ன ஆகப்போகுது, கிடைக்கவா போகுது?” என்று பலரும் நினைப்பது இந்த இடத்தில்தான். ஆனால் அடுத்த சில நாட்களில் போனை முடக்கும் இணையதளம், ஆர்.டி.ஓ., இன்சூரன்ஸ் கம்பெனி என எல்லோரும் கேட்கப்போவது அந்தப் புகாரின் நகலைத்தான்.

எதற்காகக் கேட்கிறார்கள்?

போன் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அல்ல. ‘இந்தத் தேதி, இந்த நேரத்துக்குப் பிறகு இந்தப் பொருள் என் கையில் இல்லை’ என்று நீங்கள் சொன்னதை மூன்றாவது ஒருவர் பதிவு செய்திருக்கிறார் என்பதற்கான சான்று அது. டூப்ளிகேட் கொடுக்கும் அலுவலகத்துக்கு ஒரு கவலை உண்டு: அசல் உண்மையிலேயே தொலைந்ததா, இல்லை எங்காவது அடகில் இருக்கிறதா? அதனால்தான் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 53-வது விதி, ஆர்.சி. தொலைந்தால் முதலில் தொலைந்த இடத்துக்கு உரிய காவல் நிலையத்தில் தெரிவிக்கச் சொல்கிறது. டூப்ளிகேட்டுக்கான படிவம் 26 அதற்குப் பிறகுதான். பாஸ்போர்ட் தொலைந்தாலும் போலீஸ் ரிப்போர்ட்டோடு, எப்படித் தொலைந்தது என்ற உறுதிமொழிப் பத்திரமும் கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் இது தேவையில்லை. ஆதாரை இணையத்தில் இருந்தே இறக்கிக்கொள்ளலாம். பான் கார்டை மறுஅச்சுக்குக் கேட்கலாம். இவற்றின் உண்மைப் பதிவு சர்வரில் இருக்கிறது, கையில் இருப்பது நகல் மாதிரிதான்.

தொலைந்தது, திருடு போனது: என்ன வித்தியாசம்?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். திருட்டு என்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவில் வரும் குற்றம். புகாரில் திருட்டுக்கான விவரம் இருந்தால் போலீஸ் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தாக வேண்டும். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றங்களுக்கு இது கட்டாயம் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொருளை எங்கோ தவறவிட்டது குற்றமே இல்லை. அதற்கு எஃப்.ஐ.ஆர். வராது, புகார் பெற்றதற்கான ரசீதோ, தொலைந்ததற்கான சான்றோதான் கிடைக்கும்.

எஃப்.ஐ.ஆர். போட்டால் விசாரிக்க வேண்டும், முடிவறிக்கை கொடுக்க வேண்டும். அதனால் ஸ்டேஷனில் “மிஸ்ஸிங்னு எழுதிக் கொடுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்” என்று சொல்லப்படுவது உண்டு. நீங்களும் ஆபீஸுக்கு லேட் ஆகிறதே என்று எழுதிக் கொடுத்துவிடுவீர்கள். ஆர்.சி. டூப்ளிகேட்டுக்கு அது போதும். ஆனால் போன் இன்சூரன்ஸுக்குப் போதாது. பல பாலிசிகள் திருட்டுக்குத்தான் பணம் தரும். தவறவிட்டதையும், கவனிக்காமல் விட்டுச்சென்றதையும் விலக்கி வைத்திருக்கும். ‘போனைக் காணவில்லை’ என்று நீங்களே கையெழுத்துப் போட்ட காகிதம்தான் க்ளெய்மை நிராகரிக்க முதல் ஆதாரமாகிறது.

அதற்காகத் தவறவிட்ட போனைத் திருட்டு என்று எழுதுவதும் ஆபத்து. தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பது அதே சட்டத்தின் 217-வது பிரிவில் தண்டனைக்குரியது. எனவே முடிவை எழுதாமல் நடந்ததை எழுதுங்கள். நம் உதாரணத்தில் இப்படி:

‘காலை 8.10-க்கு தம்பானூரில் பஸ் ஏறும்போது போனில் பேசினேன். பேசி முடித்து, பையின் பக்கவாட்டு அறையில் வைத்து ஜிப்பை மூடினேன். 8.55-க்கு கழக்கூட்டத்தில் இறங்கியபோது ஜிப் திறந்திருந்தது. போனும் ஆர்.சி.யும் இல்லை. யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று நம்புகிறேன்.’

இதோடு போனின் மாடல், ஐ.எம்.இ.ஐ. எண், சிம் நம்பர், ஆர்.சி.யில் உள்ள வண்டி எண் ஆகியவற்றையும் சேருங்கள். மலையாளம் எழுத வராது என்றால் ஆங்கிலத்தில் எழுதலாம்.

எந்த ஸ்டேஷன்?

தம்பானூரா, கழக்கூட்டமா, நடுவில் எங்காவதா? திருட்டு என்றால் எல்லையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி, எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். மின்னணு வழியிலும் கொடுக்கலாம். மூன்று நாட்களுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பதிய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்பலாம்; அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்ட்ரேட்டிடம் போகலாம். ரயிலில் போயிருந்தால் ரயில்வே போலீஸ்.

கேரள போலீஸின் ‘துணா’ இணையதளத்திலும் ‘போல் ஆப்’ செயலியிலும் புகார் கொடுக்கலாம். ஊருக்கு வந்தபோது தமிழ்நாட்டில் ஆவணம் தொலைந்தால், அங்கே போலீஸின் இணையதளத்தில் ‘தொலைந்த ஆவண அறிக்கை’யை நீங்களே பதிந்து இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அது தொலைந்ததற்கான அறிக்கை மட்டுமே, திருட்டுக்கான எஃப்.ஐ.ஆருக்கு மாற்று இல்லை.

போனை முடக்குவது எப்படி?

முதல் வேலை, கம்பெனிக்குச் சொல்லி சிம்மை முடக்குவதும் வங்கிக்குச் சொல்லி யு.பி.ஐ.யை நிறுத்துவதும். அதற்குப் புகார் நகல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பிறகு அதே எண்ணில் டூப்ளிகேட் சிம் வாங்குங்கள்.

புகார் நகல் கைக்கு வந்ததும் ceir.gov.in தளத்தில் ஐ.எம்.இ.ஐ.யைப் பதிய வேண்டும். ‘சஞ்சார் சாத்தி’ வழியாக 2023 மே மாதம் நாடு முழுக்க வந்த வசதி இது. புகார் எண், நகல், அடையாள அட்டை, ஓ.டி.பி. ஆகியவற்றைக் கேட்கும். இங்கே ஒரு சிக்கல்: டூப்ளிகேட் சிம்மில் எஸ்.எம்.எஸ். வேலை செய்ய 24 மணி நேரம் வரை ஆகலாம். ஓ.டி.பி. வரவில்லை என்று தளத்தைத் திட்டாமல் மறுநாள் முயன்று பாருங்கள்.

முடக்கியதும் அந்த போன் இந்தியாவின் எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாது. யாராவது சிம் போட்டால், அந்த விவரம் போலீஸுக்குப் போகும். போன் கிடைத்துவிட்டால் அதே தளத்தில், முன்பு கிடைத்த கோரிக்கை எண்ணைக் கொண்டு முடக்கத்தை நீக்கலாம். ஐ.எம்.இ.ஐ. தெரியாதா? பெட்டியில் இருக்கும், பில்லில் இருக்கும். போன் கையில் இருக்கும் இன்றைக்கே *#06# அழுத்தி, வரும் இரண்டு எண்களையும் உங்களுக்கே மெயில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

தாமதமானால்?

2020 ஜனவரியில் குர்ஷிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதற்குப் பதில். டிராக்டர் திருடு போன அன்றே உரிமையாளர் எஃப்.ஐ.ஆர். பதிந்துவிட்டார். இன்சூரன்ஸ் கம்பெனிக்கோ வாரக்கணக்கில் தாமதமாகத்தான் சொன்னார். கம்பெனி க்ளெய்மை மறுத்தது. போலீஸில் உடனே புகார் கொடுத்து, வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸும் அறிக்கை கொடுத்த பிறகு, கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணமாக்கி மறுக்க முடியாது என்றது மூன்று நீதிபதிகள் அமர்வு. அது வாகன பாலிசி பற்றிய தீர்ப்பு. போன் பாலிசியில் வேறு காலக்கெடு இருக்கலாம். அதனால் கம்பெனிக்கும் அன்றே ஒரு மெயில் தட்டிவிடுவது நல்லது. ஆனால் எது முதலில் என்பதில் சந்தேகம் வேண்டாம்: சிம்மை முடக்கியதும், அடுத்து ஸ்டேஷன். கையெழுத்துப் போடும் முன் காகிதத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.