சம்பளத் தேதி இல்லாத மாதங்கள்: பணியை விடும் வடிவமைப்பாளருக்கு மூன்று நூல்கள்

முழுநேரப் பணியை விட்டுத் தனித்துத் தொழில் செய்ய விரும்பும் வடிவமைப்பாளர்கள் பலர் எங்கள் கிளைகளுக்கு வருகின்றனர். அவர்களுள் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். புனே நகரில் பொருள்களின் உறைகளை வடிவமைக்கும் பணியில் இருப்பவர். கையில் பெறும் மாதச் சம்பளம் 60,000 ரூபாய். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி 18,000 ரூபாய் வீட்டுக்கடன் தவணை கட்டுகிறார். பணி விலகுவதற்கு முன் எந்த நூலைப் படிப்பது என்று அவர் கேட்டால், வங்கியாளர் என்ற முறையில் நாங்கள் மூன்று ஆங்கில நூல்களைக் கூறுவோம். மூன்றும் அமெரிக்காவில் எழுதப்பட்டவை. ஆதலின், அவற்றுள் எதை அப்படியே ஏற்கலாம், எதை நம் நாட்டு விதிகளுக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியுள்ளது.

பணத்தைக் கேட்கக் கற்பிக்கும் நூல்

முதலாவது, மைக் மான்டேரோ 2012இல் எழுதிய 'டிசைன் இஸ் எ ஜாப்'. இவர் சான்பிரான்சிஸ்கோவில் வடிவமைப்பு நிறுவனம் நடத்துபவர். வரைவது மட்டுமன்று, விலை பேசுவதும் ஒப்பந்தம் எழுதுவதும் பணத்தை வசூலிப்பதும் வடிவமைப்பாளரின் வேலையே என்பது இந்நூலின் மையக் கருத்து. சம்பளம் பெறுபவருக்கு இவற்றை எல்லாம் நிறுவனம் செய்துகொடுத்தது. அதனால் பணியை விடும்போதுதான் இவற்றின் சுமை தெரிகிறது.

ஒப்பந்தம் இன்றி வேலையைத் தொடங்கலாகாது என்னும் அறிவுரையை அப்படியே ஏற்கலாம். நம் நாட்டில் அதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை மாற்றம் எழுத்து வடிவில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடப்படாவிடில் அது 5 ஆண்டுகளுக்கு மட்டுமே எனக் கொள்ளப்படும். எனவே, "முழுத்தொகையும் பெற்ற பின்னரே உரிமை மாறும்" என்னும் ஒரு வரி ஒப்பந்தத்தில் இருப்பது பாதுகாப்பு. இச்சட்டத்தின் மறுபக்கத்தையும் மறக்கக்கூடாது. பணியில் இருந்தபோது வரைந்தவை பொதுவாக நிறுவனத்துக்கே உரியவை. அவற்றைத் தம் மாதிரித் தொகுப்பில் காட்ட விரும்புபவர், விலகுவதற்கு முன்பே எழுத்து மூலம் அனுமதி பெறுவது நல்லது.

இந்நூலில் காண முடியாத ஓர் உதவியும் இங்கு உண்டு. உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகக் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ளலாம். அவ்வாறு பதிந்தவருக்கு, ஒப்பந்தம் எதுவாயினும், பணியை ஏற்ற நிறுவனம் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும்; தவறினால் வட்டி சேரும்.

வந்த பணத்தைப் பிரிக்கக் கற்பிக்கும் நூல்

இரண்டாவது, மைக் மிக்கலோவிட்ஸ் எழுதிய 'பிராஃபிட் ஃபர்ஸ்ட்'. வங்கியாளர்களாகிய எங்களுக்கு இது மிகவும் பிடித்தமான நூல். ஏனெனில் இதன் கருவியே வங்கிக் கணக்குதான். வரும் பணம் அனைத்தும் முதலில் ஒரே கணக்கில் சேர வேண்டும். மாதத்தில் இருமுறை, 10ஆம் தேதியும் 25ஆம் தேதியும், அதனை இலாபம், உரிமையாளர் ஊதியம், வரி, செலவு என்று தனித்தனிக் கணக்குகளுக்குப் பிரித்துவிட வேண்டும். சிறு தொழிலுக்கு நூல் தரும் இலக்கு முறையே 5, 50, 15, 30 சதவீதம். ஐந்து கணக்குகளிலும் குறைந்தபட்ச இருப்பு வைப்பது கடினம் எனில், வரவு, வரி, குடும்பம் என்று மூன்று கணக்குகள் போதும். செலவும் இலாபமும் வரவுக் கணக்கிலேயே இருக்கட்டும்.

நம் வடிவமைப்பாளர் வீட்டிலிருந்தே பணிபுரிபவர். அலுவலக வாடகை இல்லை. ஆதலால் செலவை 20 சதவீதமாகக் குறைத்து, ஊதியத்தை 60 சதவீதமாக உயர்த்தலாம். அவ்வாறு செய்தாலும், குடும்பத்துக்கு 60,000 ரூபாய் கிடைக்க மாதம் 1,00,000 ரூபாய் வரவு வேண்டும். இங்கேதான் பலரும் தவறுகின்றனர். பழைய சம்பளத்தை 22 வேலைநாள்களால் வகுத்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 ரூபாய் என விலை சொல்கின்றனர். ஆனால் வேலை தேடுவதிலும் பேசுவதிலும் பில் எழுதுவதிலும் பல நாள்கள் கழியும். பணம் தரும் நாள்கள் 12 மட்டுமே எனக் கொண்டால், நாள் விலை 8,300 ரூபாயை ஒட்டி இருந்தால்தான் கணக்கு நேராகும்.

ஒரு பணியைக் காண்போம். கட்டணம் 80,000 ரூபாய். பாதி முன்பணம், மீதி இறுதிக் கோப்புகளை ஒப்படைக்கும் முன். வாடிக்கை நிறுவனம் டி.டி.எஸ். எனப்படும் மூல வரிப் பிடித்தமாக 10 சதவீதம் கழித்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் கைக்கு வருவது 36,000 ரூபாய். அதில் குடும்பத்துக்கு 21,600, செலவுக்கு 7,200, வரிக்கு 5,400, இலாபத்துக்கு 1,800. பிடிக்கப்பட்ட வரி உங்கள் பான் எண்ணில் பதிவாகியுள்ளதா என்று படிவம் 26ஏ.எஸ்.இல் பார்த்துக்கொள்ளுங்கள், கூடுதலாகப் பிடித்திருந்தால் கணக்குத் தாக்கல் செய்த பின்னரே திரும்ப வரும். மூன்று மாதங்களில் இருமுறை வரிக் கணக்கிலிருந்து குடும்பத்துக்குப் பணம் எடுக்க நேர்ந்தால், விலை குறைவு என்பதற்கு அதுவே அறிகுறி.

தொலைவிலிருந்து பணிபுரிய உதவும் நூல்

மூன்றாவது, ஜேசன் ஃபிரைடும் டேவிட் ஹைனமையர் ஹான்சனும் 2013இல் எழுதிய 'ரிமோட்'. இது நிறுவனங்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. தனித்துத் தொழில் செய்பவர் சில பகுதிகளை மட்டும் படித்தால் போதும். இரு தரப்பினரின் வேலை நேரமும் 4 மணி நேரமாவது ஒன்றிவர வேண்டும் என்னும் பகுதி முக்கியமானது. லண்டன் வாடிக்கையாளருக்கு நம் பிற்பகல் போதும். நியூயார்க்கில் காலை 9 மணி என்பது கோடையில் நமக்கு மாலை 6.30, ஆகவே இரவு 10.30 வரை விழித்திருக்க வேண்டும். அதையும் எண்ணியே விலை சொல்ல வேண்டும்.

அயல்நாட்டு வாடிக்கையாளர் நம் நாட்டு வரியைப் பிடிப்பதில்லை. எனவே வரிக் கணக்கில் ஒதுக்குவது அங்கே இன்னும் இன்றியமையாதது. ஆண்டின் வரி 10,000 ரூபாயைத் தொட்டால், ஜூன் 15 முதல் மார்ச் 15 வரை நான்கு தவணைகளில் முன்கூட்டியே கட்ட வேண்டியிருக்கும். அயல்நாட்டுப் பணம் வரும்போது சரியான நோக்கக் குறியீட்டைத் தந்து, வரவுச் சான்றினை வங்கியிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்தவருக்கு ஏற்றுமதிக்கான சான்று அதுவே.

விலகல் கடிதத்துக்கு முன்

நூல்கள் கூறாத இரண்டினை நாங்கள் கூறுகிறோம். ஒன்று, தவணை. வாடிக்கையாளர் பணம் தாமதித்தாலும் 5ஆம் தேதி தாமதிக்காது. ஒருமுறை தவணை திரும்பினாலும் அபராதத்துடன் கடன் மதிப்பெண்ணும் குறையும். ஆதலால் ஆறு தவணைக்கான 1,08,000 ரூபாய் தனியே இருந்த பின்னர் விலகுவது நன்று. மற்றொன்று, புதிய கடன் தேவையெனில் அதனைப் பணியில் இருக்கும்போதே ஆராயுங்கள். தனித்தொழில் புரிபவரிடம் வங்கிகள் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகளின் வருமான வரிக் கணக்குகளைக் கேட்கும். சம்பளக் கணக்கும் சம்பளம் நின்ற சில மாதங்களில் சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாறி, குறைந்தபட்ச இருப்பினைக் கோரும்.

மூன்றையும் படிக்க நேரமில்லாதவர் இரண்டாம் நூலையே முதலில் எடுக்கலாம். பணியில் இருக்கும்போதே, வரும் சம்பளத்தை மூன்று கணக்குகளாகப் பிரித்து மூன்று மாதங்கள் வாழ்ந்து பாருங்கள். அப்பிரிவுக்குள் குடும்பம் நடக்கிறதா என்பது, விலகல் கடிதம் கொடுப்பதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.