சேமித்து வைத்த கார்டு ஏன் மறுபடி எண் கேட்கிறது?

என் சித்தி மாதாமாதம் மாத்திரைகளை ஒரு மருந்துச் செயலியில்தான் வாங்குவார். போன மாதம் பணம் கட்டும்போது, வழக்கமாகத் தொடும் கார்டு வேலை செய்யவில்லை. விவரத்தை மறுபடி உள்ளிடச் சொன்னது. "என் கார்டை யாராவது திருடிட்டாங்களாடா?" என்று பதறிப்போய் போன் செய்தார்.

திருட்டு இல்லை. முன்பெல்லாம் கடைகள் நம் 16 இலக்கக் கார்டு எண்ணைத் தங்கள் கணினியிலேயே வைத்திருந்தன. ஒரு கடையிலிருந்து தகவல் கசிந்தாலும் கார்டு எண் வெளியே போய்விடும். அதனால் ரிசர்வ் வங்கி இந்தியக் கார்டுகளின் எண்ணைக் கடைகள் வைத்திருக்கக் கூடாது என்றது. பலமுறை தள்ளிப்போன அந்த விதி 2022 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இப்போது கடையிடம் இருப்பது ஒரு மாற்று எண். அதற்கு டோக்கன் என்று பெயர். கடைக்குத் தெரிவது கார்டின் கடைசி நான்கு இலக்கமும் வங்கியின் பெயரும் மட்டுமே.

ஒரு டோக்கன் ஒரு கார்டுக்கும் ஒரு கடைக்கும் மட்டுமே செல்லும். மருந்துச் செயலியின் டோக்கனை யாராவது திருடினாலும் அதை வைத்து வேறு கடையில் புடவை வாங்க முடியாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒவ்வொரு கடைக்கும் நாம் தனித்தனியாகச் சம்மதம் தரவேண்டியிருக்கிறது.

சித்தியிடம், "புது கார்டு வந்துச்சா?" என்று கேட்டேன். பழையது காலாவதியாகி, இரண்டு வாரம் முன்பு தபாலில் வந்திருந்தது. சிக்கல் அங்கேதான். கார்டு மாறினால், பழைய கடைகளோடு புதுக் கார்டை இணைக்க வங்கி நம்மிடம் வெளிப்படையாகச் சம்மதம் கேட்கவேண்டும் என்பது விதி. கேட்டு வரும் செய்தியை நாம் கவனிக்காமல் விட்டால் இணைப்பு நடக்காது.

புது எண்ணை உள்ளிடச் சொன்னேன். ஓடிபியே வராமல் மறுபடி தோற்றது. இந்த இடத்தில் பலர் செயலியைத் திட்டுவார்கள். ஆனால் புதிதாக வழங்கப்படும் கார்டு முதலில் ஏடிஎம்மிலும் கடை இயந்திரத்திலும் மட்டுமே வேலை செய்யும். இணையப் பயன்பாட்டை நாமே திறக்கவேண்டும். சித்தி வங்கிச் செயலிக்குள் போய், கார்டு அமைப்பில் அந்தப் பொத்தானைத் திருப்பினார்.

மூன்றாம் முறை எண், காலாவதி மாதம், சிவிவி எல்லாம் போட்டார். கீழே கார்டைப் பாதுகாப்பாகச் சேமிக்கச் சம்மதமா என்று ஒரு சிறு கட்டம் இருந்தது. அதில் குறியிட்டால்தான் டோக்கன் உருவாகும். இல்லையேல் ஒவ்வொரு முறையும் முழு எண்ணையும் போடவேண்டும். குறியிட்டார். ஓடிபி வந்தது. பணம் கட்டவும் டோக்கனுக்கும் அந்த ஒரே ஓடிபி போதுமானதாக இருந்தது.

"இனிமே எல்லாத்துலயும் வந்துடுமா?" என்றார். வராது சித்தி, மளிகைச் செயலியில் இதையே இன்னொரு முறை செய்யவேண்டும் என்றேன். எந்தெந்தக் கடையில் டோக்கன் இருக்கிறது என்ற பட்டியலை வங்கி காட்டவேண்டும் என்றும், வேண்டாததை அங்கேயே நீக்கலாம் என்றும் சொன்னேன். அவர் எப்போதோ ஒரே ஒருமுறை செருப்பு வாங்கிய கடையைத் தேட ஆரம்பித்தார்.