பசி வெச்சிருக்கேன்!

பிளஸ் ஒன்னில் பிரெஞ்சு எடுத்த என் மகளுக்கு மார்க் வந்தது, பேச்சு வரலை. இணையத்தில் பேச்சுத் துணை தேடினோம். பாரீஸ்காரர்கள் யாருக்கும் தமிழ் வேண்டியிருக்கவில்லை. ரீயூனியன் தீவில் ஓர் அக்கா கிடைத்தார். 19-ம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன தமிழர் வம்சம்; பேசுவது பிரெஞ்சு, ஆசை தமிழ்மேல். நமக்கு இரவு ஏழரை என்றால் அங்கே ஆறு மணி.

முதல் நாள் இங்கிலீஷிலேயே பேசிவிடுவார்களோ என்று பயந்து, அலாரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். அரை மணி பிரெஞ்சு, அரை மணி தமிழ். ஊர், வீடு, சாப்பாடு என்று ஐந்து கேள்விகளை முன்கூட்டியே எழுதி வைத்தோம். நடுவில் திருத்தக்கூடாது, தப்பைக் குறித்துக்கொண்டு கடைசி ஐந்து நிமிடத்தில் சொல்லணும்.

வயதை "ழெ சுயி" (நான் இருக்கிறேன்) என்று ஆரம்பித்தாள் மகள். "ழே" (என்னிடம் இருக்கிறது) என்பதுதான் சரியாம். பசிக்கும் அதே "ழே"தானாம். அதனால்தான் அந்த அக்கா தமிழில், "நான் பசி வெச்சிருக்கேன்" என்றார் போலும்!

- ஒரு வாசகி, ராசிபுரம்.